பல்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் வட்டம்

கோவை கணபதிப் பகுதியில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று உண்டு. ஒரு காலை வேளையில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார் ஆலையிலிருந்து ஒருவர் அங்கே வந்தார். கிரீஸ் படிந்த துணியை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பல்சக்கரம். பட்டறை மொழியில் அதற்குப் பெயர் பினியன். நாலு பற்கள் அடியோடு உடைந்திருந்தன.

"இதே மாதிரி ஒண்ணு வேணுங்கண்ணா. நாளைக்கு மெஷின் ஓடியாகணும்."

"டிராயிங் இருக்குங்களா?"

"மெஷின் வாங்குனப்பவே இல்லீங்க."

பட்டறைக்காரர் பினியனைக் கையில் எடுத்துப் பற்களை எண்ணினார். உடைந்த இடத்திலும் அடிக்கட்டை நின்றதால் எண்ண முடிந்தது. மொத்தம் 23. வெர்னியரால் குறுக்கே ஓர் அளவு எடுத்துச் சுண்ணக்கட்டியால் மேசையில் எழுதினார். பிறகு கேட்டார்: "இதோட ஜோடிச் சக்கரம் எத்தனை பல்லு? ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?" வந்தவருக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் அவரைப் போய் அளந்துவிட்டு வரச் சொன்னார்.

உடைந்தது பினியன்தானே, அதை அளந்து அப்படியே செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் பல்சக்கரத்தை நிர்ணயிக்கும் முக்கியமான அளவு அதன் உடலில் எங்கேயும் தெரியாது. வெர்னியரால் நேரடியாக அதைத் தொட முடியாது. கணக்குப் போட்டுத்தான் அதை எட்ட வேண்டும்.

பல் இல்லாத சக்கரம்

எவர்சில்வர் டப்பாக்களின் மூடிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. மேசைமேல் படுக்கவைத்து விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்துச் சின்ன மூடியைச் சுற்றினால் பெரியதும் சுற்றும். சின்னது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் சுற்றும். எவ்வளவு மெதுவாக என்பதை இரண்டின் விட்டங்கள் தீர்மானிக்கும். பல்சக்கரத்தின் வேலை அடிப்படையில் இதுதான்.

ஆனால் மூடிகளுக்குப் பிடிமானம் போதாது. கொஞ்சம் பாரம் வந்தால் வழுக்கிவிடும். வழுக்காமலிருக்க விளிம்பில் பல் வைக்கிறோம். பல்லின் ஒரு பகுதி பழைய விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பற்களுக்கு இடையிலான பள்ளம் பழைய விளிம்புக்கு உள்ளே இறங்கியிருக்கும். ஒரு சக்கரத்தின் நீட்டம் மற்றதன் பள்ளத்துக்குள் போய் உட்காரும்.

பல் வெட்டிய பிறகு அந்தப் பழைய விளிம்பு எங்கே போயிற்று? பல்லின் நடுவாக்கில் எங்கோ கரைந்துவிட்டது. அங்கே கோடு இல்லை, மேடு இல்லை. ஆனாலும் சுழற்சி முழுவதும் அந்த விளிம்பை நம்பித்தான் நடக்கிறது. மூடிகள் தொட்டுக்கொண்டு உருண்டதுபோலவே, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டங்கள் தொட்டுக்கொண்டு உருளுகின்றன. இதைத்தான் பிட்ச் வட்டம் என்பார்கள். பட்டறையில் அதன் விட்டத்தைப் 'பிசிடி' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

பையை ஓரங்கட்டிய யோசனை

பிட்ச் வட்டத்தின் மேல் ஒரு பல்லும் ஒரு பள்ளமும் சேர்ந்து பிடிக்கும் நீளத்துக்குப் பிட்ச் என்று பெயர். 23 பல் இருந்தால் வட்டத்தின் சுற்றளவில் அப்படி 23 பங்குகள் இருக்கும்.

ஒரு பங்கை முழு எண்ணாக, 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 230 மில்லிமீட்டர். விட்டம் வேண்டுமென்றால் அதைப் பையால், அதாவது 3.1416-ஆல், வகுக்க வேண்டும். கிடைப்பது 73.21. பல்லை மாற்றினால் வேறொரு தொங்கல் எண் வரும். லேத்தில் நிற்பவருக்கும், பெட்டியில் ஓட்டை போடுபவருக்கும் ஒவ்வொரு முறையும் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு வால்.

இதற்கு எளிய வழி ஒன்று கண்டார்கள். சுற்றளவைப் பற்களுக்குப் பங்கு போடாமல் விட்டத்தையே பங்கு போட்டார்கள். விட்டத்தில் ஒரு பல்லின் பங்கு எவ்வளவோ அதுதான் மாட்யூல். மாட்யூல் 3 என்றால் ஒவ்வொரு பல்லும் விட்டத்தில் 3 மில்லிமீட்டரைத் தன் கணக்கில் கொண்டுவருகிறது என்று பொருள். 23 பல்லுக்கு 69 மில்லிமீட்டர். 57 பல்லுக்கு 171.

பிட்ச் வட்ட விட்டம் = மாட்யூல் × பற்கள்

பை எங்கே போனது? பல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. வட்டத்தின்மேல் அளந்தால் ஒரு பல்லும் பள்ளமும் இப்போது 9.42 மில்லிமீட்டர். அதை யாரும் அளந்து வெட்டத் தேவையில்லை. வெட்டும் கருவியின் உருவத்திலேயே அது இருக்கிறது. மனிதர் அளக்க வேண்டிய விட்டங்கள் சுத்தமான எண்களாகிவிட்டன. இணைந்து ஓடும் இரண்டு சக்கரங்களுக்கும் மாட்யூல் ஒன்றாகவே இருக்க வேண்டும். 1, 1.25, 1.5, 2, 2.5, 3, 4, 5, 6 என்று வழக்கமான மாட்யூல்கள் வரிசையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. நினைத்த எண்ணில் யாரும் கருவி செய்வதில்லை. அந்த வரிசைதான் பின்னால் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது?

லேத்தில் இரும்பு உருளையைக் கடைய பிட்ச் வட்ட விட்டம் போதாது. பல்லின் நுனிவரை உலோகம் இருக்க வேண்டும். நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கும் மாட்யூல்தான் அளவுகோல். வழக்கமான பல்லில், பிட்ச் வட்டத்திலிருந்து நுனிவரை சரியாக ஒரு மாட்யூல். விட்டம் என்பது இந்தப் பக்கத்து நுனியிலிருந்து அந்தப் பக்கத்து நுனிவரை. ஆகவே இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மாட்யூல் கூடும்.

வெளிவிட்டம் = மாட்யூல் × (பற்கள் + 2)

நம் பினியனுக்கு 3 × 25 = 75 மில்லிமீட்டர். 57 பல் சக்கரத்துக்கு 3 × 59 = 177. இரண்டிலும் கூடியிருப்பது அதே 6 மில்லிமீட்டர்தான். சக்கரம் பெரிதாவதால் பல் உயரமாவதில்லை.

பள்ளத்தின் பக்கம் கொஞ்சம் தாராளம் வேண்டும். எதிர்ச்சக்கரத்தின் நுனி ஒரு மாட்யூல் ஆழத்துக்கு உள்ளே வருகிறது. அது அடியில் இடிக்கக் கூடாது என்பதால் கால் மாட்யூல் அதிகமாக வெட்டுவார்கள். ஆக, நுனியிலிருந்து பள்ளத்தின் அடிவரை மொத்த ஆழம் 2.25 மாட்யூல். நம் பினியனுக்கு 6.75 மில்லிமீட்டர்.

ஷாஃப்டுகளுக்கு இடையில்

இப்போது மூடிகளுக்குத் திரும்புவோம். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மூடிகளின் மையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? சின்னதில் பாதி விட்டம், பெரியதில் பாதி விட்டம், அவ்வளவுதான். பிட்ச் வட்டங்களுக்கும் அதே கணக்கு. 69-இல் பாதி 34.5. 171-இல் பாதி 85.5. கூட்டினால் 120.

மையத் தூரம் = மாட்யூல் × (முதல் சக்கரத்தின் பற்கள் + இரண்டாவதன் பற்கள்) ÷ 2

3 × 80 ÷ 2 = 120. பற்களை மட்டும் கூட்டினால் போதும். விட்டம் கண்டுபிடிக்கவே வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் தவறு செய்யும் இடம் இது. கையில் வெளிவிட்டம் இருக்கிறது. ஆகவே 75-இல் பாதி, 177-இல் பாதி எடுத்துக் கூட்டுவார்கள். 126 வரும். அந்த அளவில் பெட்டியில் ஓட்டை போட்டால் பல்லின் நுனி எதிர்ப்பல்லின் நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று போகவே போகாது. வித்தியாசமான 6 மில்லிமீட்டர் இரண்டு மாட்யூல். ஒவ்வொரு சக்கரத்தின் நுனியும் மற்றதற்குள் நுழைய வேண்டிய ஆழம் அது.

உடைந்த சக்கரத்திலிருந்து பின்னோக்கி

டிராயிங் இருந்தால் கணக்கு முன்னோக்கிப் போகும். மாட்யூலும் பற்களும் தெரியும், விட்டம் கிடைக்கும். உடைந்த சக்கரம் வந்தால் அதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். வெளிவிட்டத்தை அளந்து, பற்களோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல்.

அன்றைக்கு மேசையில் எழுதியிருந்த அளவு 74.7. அதை 25-ஆல் வகுத்தால் 2.988. வரிசையில் மிக அருகில் இருப்பது 3. சரி, அந்த 0.3 மில்லிமீட்டர் குறை எப்படி வந்தது? தேய்மானம் ஓரளவு. ஆனால் பெரிய காரணம் 23 ஒற்றைப்படை எண் என்பது. இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே இன்னொரு பல் இருக்கும், வெர்னியர் நுனிக்கு நுனி முழு விட்டத்தையும் காட்டும். ஒற்றைப்படையில் பல்லுக்கு நேர் எதிரே பள்ளம். வெர்னியரின் ஒரு தாடை ஒரு நுனியிலும், மறு தாடை பள்ளத்தின் இருபுறமுள்ள இரண்டு நுனிகளிலும் உட்காரும். அளவு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும்.

பட்டறைக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நடு ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு பல்லின் நுனிவரை அளந்தார். சாவி வெட்டு இருக்கும் இடத்தைத் தவிர்த்து, சிதையாத பல்லாகப் பார்த்து எடுத்தார். 22.5 மில்லிமீட்டர். அதை இரண்டு மடங்காக்கி ஓட்டையின் விட்டமான 30-ஐக் கூட்டினார். சரியாக 75.

மதியம் நார் ஆலையிலிருந்து போன் வந்தது. ஜோடிச் சக்கரத்தில் 57 பல். ஷாஃப்டுகளின் மையத்தை நேராக அளக்க வழியில்லை. அதனால் இரண்டு ஷாஃப்டுகளின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம்வரை அளந்து சொன்னார்கள்: 155. ஒரு ஷாஃப்ட் 30, மற்றது 40. இரண்டின் பாதியான 15-ஐயும் 20-ஐயும் கழித்தால் 120. வெளிவிட்டம் ஒரு பக்கமிருந்தும், மையத் தூரம் இன்னொரு பக்கமிருந்தும் அதே 3-இல் வந்து நின்றன. அதன் பிறகுதான் பட்டறைக்காரர் இரும்பை எடுத்தார்.

இரண்டாவது சாட்சி ஏன் வேண்டும்

இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து 40 பல் சக்கரம் வந்தது. நுனி தேய்ந்திருந்தது. வெளிவிட்டம் 106.2. 42-ஆல் வகுத்தேன், 2.53 வந்தது. மாட்யூல் 2.5 என்று முடிவுகட்டி, 105-க்குக் கடைந்து பல் வெட்டிக் கொடுத்தேன். பொருத்திக் கையால் சுற்றியபோது சுற்றியது. மோட்டாரைப் போட்டதும் கடகடவென்று பெட்டியே அதிர்ந்தது.

அது மாட்யூல் சக்கரமே அல்ல. இங்கிலாந்து, அமெரிக்க வழக்கில் அங்குலக் கணக்கில் செய்த சக்கரம். அந்த முறையில், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று கேட்பார்கள். அதற்கு டயமெட்ரல் பிட்ச் என்று பெயர், பட்டறையில் டிபி. மாட்யூலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆகையால், 25.4-ஐ டிபியால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 10 டிபி என்றால் 2.54. கண்ணுக்கு 2.5 போலவே இருக்கும். 40 பல்லுக்குப் புதிதில் வெளிவிட்டம் 106.68 இருந்திருக்கும். தேய்மானம் அதைக் குறைத்து என்னை 2.5 பக்கம் தள்ளிவிட்டது.

ஜோடிச் சக்கரத்துக்கு 60 பல். மாட்யூல் 2.5 என்றால் மையத் தூரம் 125 இருக்க வேண்டும். பெட்டியை அளந்திருந்தால் 127 காட்டியிருக்கும். 127 மில்லிமீட்டர் என்பது கச்சிதமாக 5 அங்குலம். பல்நுனி தேயும், ஷாஃப்டின் மையத் தூரம் அப்படித் தேய்ந்து மாறிவிடாது. பழைய இயந்திரத்தில் மையத் தூரம் அங்குலத்தில் உருண்டையாக வந்தால், மாட்யூலை ஒதுக்கிவிட்டு டிபியைத் தேட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

வெட்டும்போது

பினியனுக்குத் திரும்புவோம். உருளையை லேத்தில் 75-க்குக் கடைந்தார்கள். மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட்டில் ஏற்றினார்கள். அதன் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் உருளை ஒரு சுற்று சுற்றும். 23 பல்லுக்கு, ஒரு பல் முடிந்து அடுத்ததற்குப் போக ஒரு முழுச் சுற்றும், 23 ஓட்டை வளையத்தில் 17 ஓட்டையும் திருப்ப வேண்டும். மாட்யூல் 3 கட்டர்களில் ஒன்று 21 முதல் 25 பல்வரைக்கும் உரியது. அதை மாட்டினார்கள்.

கட்டர் உருளையின் மேற்பரப்பைத் தொட்ட இடத்திலிருந்து 6.75 இறக்க வேண்டும். வெளிவிட்டம் துல்லியமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இங்கே புரியும். ஆழத்தை எண்ணத் தொடங்குவது அந்த மேற்பரப்பிலிருந்துதான். உருளையை 75.4-ஆகக் கடைந்துவிட்டு 6.75 மட்டும் இறக்கினால், பள்ளத்தின் அடி 0.2 மேலேயே நின்றுவிடும். பல் தடித்துப்போகும், ஜோடியோடு இறுகும். விட்டம் குறைந்துபோனால் எதிர்ப்பக்கத் தவறு. அப்போது உருளையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 74.8 வந்திருந்தால் பாதி வித்தியாசமான 0.1-ஐக் கழித்து 6.65 இறக்கினால் போதும். பல்நுனி ஒரு மயிரிழை குட்டையாக இருக்கும், ஆனால் பிட்ச் வட்டத்தில் பல்லின் தடிமன் சரியாக வந்துவிடும்.

கணக்கு ஒத்துவராதபோது

இத்தனையும் நேர்ப்பல் சக்கரத்துக்கு, வழக்கமான பல்லுக்கு. வகுத்துப் பார்க்கும்போது வரிசையில் இல்லாத எண் வந்தால் உடனே அதை அருகிலிருக்கும் எண்ணாக இழுத்துவிடக் கூடாது. இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பல் சாய்வாக இருக்கிறதா? சாய்பல் சக்கரத்தில் பிட்ச் வட்டமும் மையத் தூரமும் சாய்வுக்கோணத்துக்கு ஏற்பப் பெரிதாகும். அதே மாட்யூல் 3, அதே 23-க்கு 57, ஆனால் 15 டிகிரி சாய்வு என்றால் மையத் தூரம் 120 அல்ல, 124.23. பினியனின் வெளிவிட்டம் 77.43. அதை 25-ஆல் வகுத்தால் 3.1 என்று எதிலும் சேராத எண் வரும். கோணத்தை அளக்காமல் மேலே போக முடியாது.

இரண்டாவது, பற்கள் மிகக் குறைவா? வழக்கமான 20 டிகிரி பல்லில் 17-க்கும் குறைவான பற்களை வெட்டும்போது, கட்டர் பல்லின் அடியைக் குடைந்து அதைப் பலவீனமாக்கும். அதைத் தவிர்க்கப் பல்லை வேண்டுமென்றே சற்று வெளியே தள்ளி வெட்டுவார்கள். 12 பல், மாட்யூல் 3 பினியனுக்கு வெளிவிட்டம் 42 இருக்க வேண்டும். தள்ளி வெட்டியதால் அது 43.8 இருக்கலாம். 14-ஆல் வகுத்தால் 3.13. 8 டிபியின் 3.175 அருகிலேயே இருப்பதால் அங்குலச் சக்கரம் என்று ஏமாறுவது எளிது. அப்போது பெரிய சக்கரத்தை அளந்து பார்க்க வேண்டும். மாட்யூலை அங்கே தேடுவதுதான் பத்திரம்.

மறுநாள் காலை பினியனைப் பெட்டியில் பூட்டினார்கள். பல்லுக்கிடையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துக் கையால் சுற்றினார்கள். காகிதம் கிழியாமல், பல்லின் அச்சு மட்டும் பதிந்து மறுபுறம் வந்தது. கிழிந்திருந்தால் பல் இறுகியிருக்கிறது. அச்சே பதியாமல் வழுவியிருந்தால் மையத் தூரம் கூடியிருக்கிறது.

பெட்டியை மூடுமுன் பட்டறைக்காரர் 57 பல் பெரிய சக்கரத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். வருஷக்கணக்கில் உழைத்த பல். அதன் முகத்தில், நுனியிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் கீழே, ஊசியால் குத்தியதுபோல் சிறுசிறு குழிகள் ஒரே வரிசையில் ஓடின. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிச் சென்று, சறுக்கும் திசை மாறும் இடம் பிட்ச் வட்டம். அங்கே ஒரு கணம் சறுக்கல் நின்று வெறும் உருளலாகிறது. பாரம் ஏறி ஏறி இறங்கும் உலோகம், அந்தக் கோட்டை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான் முதலில் களைத்துப் பெயர்கிறது. நுனிக்கு ஒரு மாட்யூல் கீழே என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த வட்டத்தை, சக்கரம் தன் உடம்பிலேயே வரைந்து வைத்திருந்தது.